ஒரு கோடியே இருபது லட்சமா, ஒரு கோடியே இரண்டு லட்சமா?

திருப்பூரில் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து ஒரு பிரிண்டிங் யூனிட் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பின்னலாடை ஏற்றுமதி செய்யும் பிரைவேட் லிமிடெட். கையில் பணம் இருக்கிறது, ஆர்டரும் இருக்கிறது. மற்றொன்று துணியில் அச்சடிக்கும் தொழிலில் ஊறிய பிரைவேட் லிமிடெட். மெஷின் இருக்கிறது, ஆளும் அனுபவமும் இருக்கிறது. இருவரும் பேசி முடித்தது எளிமையான விஷயம். ஏற்றுமதிக்காரர் ரூ. 1,20,00,000 ரொக்கமாகப் போடுவார். பிரிண்டிங்காரர் ரூ. 80,00,000 மதிப்புள்ள மெஷின்களைக் கொண்டுவருவார். மொத்தம் இரண்டு கோடி. முதல் மூன்று ஆண்டுகளுக்கு லாபம் 60:40. யூனிட்டை நடத்திக் காட்டுபவர் பிரிண்டிங்காரர் என்பதால் அதன்பிறகு சரிபாதி. புதிதாக ஒரு எல்.எல்.பி. பதிவு செய்து, அதன் பெயரில் தொழிலை நடத்துவது என்று முடிவாகிறது.

பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒப்பந்தமோ முப்பது, நாற்பது பக்கம் வரும். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வேறு யாருக்கோ தயாரித்த பழைய ஒப்பந்தத்தை எடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றி, நடுவில் நாலு ஷரத்துகளைச் செருகி, ஆடிட்டர் ஒரு திருத்தம், வக்கீல் ஒரு திருத்தம், இரு தரப்பும் ஆளுக்கு ஒரு திருத்தம் என்று ஏழெட்டு வடிவம் கடந்து கடைசிப் பிரதி வரும். அதை முத்திரைத்தாளில் ஏற்றுவதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். அவர் தேட வேண்டியது எழுத்துப்பிழையை அல்ல. எழுத்துப்பிழையைக் கணினியே சிவப்புக்கோடு போட்டுக் காட்டிவிடும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பதைத்தான் தேட வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் தன்னளவில் சரியாக இருப்பதால், அந்த வகைப் பிழைக்குச் சிவப்புக்கோடு விழாது.

மேலே சொன்ன யூனிட் கற்பனைதான். ஆனால் இனி வரும் பிழைகள் இந்த மாதிரி பத்திரங்களில் வழக்கமாகத் தட்டுப்படுபவை. ஷரத்துகளை வசதிக்காகத் தமிழில் சொல்கிறேன்.

முதலில் மூலதனம். ஷரத்து 4.1 இப்படி இருக்கிறது: முதல் தரப்பினர் ரூ. 1,20,00,000 (ரூபாய் ஒரு கோடியே இரண்டு லட்சம் மட்டும்) மூலதனப் பங்களிப்பாகச் செலுத்துவர். எண்ணில் இருபது லட்சம், எழுத்தில் இரண்டு லட்சம். வேகமாகப் படிக்கிற கண், அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தாண்டிப் போய்விடும். எண்ணைப் பார்த்தாயிற்று, எழுத்து அதன் நகல்தானே என்ற நினைப்பு. காசோலை போன்ற மாற்றுமுறை ஆவணங்களில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தங்களுக்கு இப்படி நேரடியான பிரிவு இல்லாவிட்டாலும், எழுத்துக்கு முன்னுரிமை தருவதுதான் பொருள்கொள்ளும் மரபு. அந்தக் கணக்கில் ஏற்றுமதிக்காரர் போட வேண்டிய பணத்தில் 18 லட்சம் குறைகிறது. மொத்த மூலதனம் இரண்டு கோடி அல்ல, 1.82 கோடி. விகிதமும் 60:40 அல்ல, ஏறத்தாழ 56:44.

இந்த இடத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. ‘இரண்டு’ என்பதை அடித்துவிட்டு ‘இருபது’ என்று எழுதிவிடுவது. பத்தில் ஒன்பது முறை அது சரியாகவே இருக்கும். பத்தாவது முறை, கடைசி நேரத்தில் தொகையைக் குறைத்துப் பேசி, எழுத்தில் மட்டும் திருத்தி, எண்ணைத் திருத்த மறந்திருப்பார்கள். எது சரி என்று பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பேசியவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஆகவே ஓரத்தில் குறியிட்டு, கேள்விப் பட்டியலில் எழுத வேண்டும்: ‘4.1-இல் எண்ணும் எழுத்தும் வேறு. எது சரி? அட்டவணை 1-இல் 12,000,000 என்று இருக்கிறது.’

அட்டவணையில் கமா விழுந்திருக்கும் இடத்தையும் பாருங்கள். ஷரத்தில் நம் ஊர் முறை, லட்சம் கோடி. அட்டவணையில் மில்லியன் முறை. எக்செல் கோப்பிலிருந்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். தொகை ஒன்றுதான், தவறில்லை. ஆனாலும் ஒரே பத்திரத்தில் இரண்டு முறையும் இருந்தால் ஒரு சைபர் விழுந்தாலும் கண்ணுக்குப் படாது. 12,000,000 என்பதற்கும் 1,200,000 என்பதற்கும் உள்ள வித்தியாசம், லட்சத்தில் எண்ணிப் பழகிய நமக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் உறைக்கும். ஒரே முறைக்கு மாற்றச் சொல்வது நல்லது. தொகைகளைச் சரிபார்க்க இன்றைக்கும் சிறந்த வழி, இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் இன்னொரு பிரதியில் ஒப்புநோக்குவதுதான். படிப்பவர் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ‘ஒன்று, இரண்டு, பிறகு ஆறு சைபர்’ என்று. பழைய அச்சகங்களில் செய்த வேலை இது. திரையில் தனியாகப் படிப்பதைவிட இதில் இரட்டிப்பு நேரமாகும், ஆனால் எண் தப்பிப் போவது அபூர்வம்.

அடுத்தது பிரிண்டிங்காரரின் மெஷின். ஷரத்து 4.2-இல் ‘சுமார் ரூ. 80,00,000 மதிப்புள்ள மெஷின்களை எல்.எல்.பி.க்கு உரிமை மாற்றித் தருவார்’ என்று இருக்கிறது. ஷரத்து 6.3-இல் அதே மெஷின்களைப் பற்றி, ‘இரண்டாம் தரப்பினர் பயன்பாட்டுக்கு விட்டிருக்கும் மெஷின்கள்’ என்று வருகிறது. உரிமை மாற்றித் தந்தால் மெஷின் எல்.எல்.பி.யின் சொத்து. பயன்பாட்டுக்கு விட்டால் மெஷின் இன்னும் பிரிண்டிங்காரருடையது, நாளைக்கு மனத்தாங்கல் வந்தால் கழற்றிக்கொண்டு போகலாம். இந்த இரண்டு சொல்லும் ஒரே பத்திரத்தில் இருந்தால் ஏற்றுமதிக்காரர் 4.2-ஐக் காட்டுவார், பிரிண்டிங்காரர் 6.3-ஐக் காட்டுவார். 6.3 இன்சூரன்ஸ் பற்றிய ஷரத்து. பழைய ஒப்பந்தத்தில் மெஷின் வாடகைக்கு விடப்பட்டிருந்திருக்கும், அந்த வாசகம் அப்படியே தங்கிவிட்டது.

‘சுமார்’ என்ற சொல்லும் அங்கே இருக்கக் கூடாதது. எல்.எல்.பி. சட்டம், 2008, பணமாக மட்டுமல்லாமல் பொருளாகவும், ஏன், செய்து முடித்த அல்லது செய்யப்போகும் சேவையாகவும்கூடப் பங்களிப்புத் தரலாம் என்கிறது. ஆனால் அதன் பண மதிப்பைக் கணக்கில் காட்ட வேண்டும். பணமல்லாத பங்களிப்பை ஆடிட்டரோ, காஸ்ட் அக்கவுண்டன்டோ, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரோ மதிப்பிட வேண்டும் என்பது விதி. அந்த மதிப்பீட்டில் வந்த தொகை எதுவோ அதுவே ஷரத்திலும் வர வேண்டும். ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பதும் தெரிய வேண்டும். மெஷின்களின் பட்டியல், மாடல், வரிசை எண் எல்லாம் அட்டவணையில் இருக்கின்றனவா என்று பார்த்து, ஷரத்தில் ‘நான்கு மெஷின்கள்’ என்று இருந்தால் பட்டியலிலும் நான்கு வரி இருக்கிறதா என்று எண்ண வேண்டும்.

பணம் எப்போது வர வேண்டும் என்பதிலும் ஒரு சிக்கல். ‘இந்த ஒப்பந்தத் தேதியிலிருந்து 30 நாளைக்குள்’ என்று 4.1 சொல்கிறது. ‘அமலுக்கு வரும் தேதியிலிருந்து 30 நாளைக்குள்’ என்று அட்டவணை சொல்கிறது. அமலுக்கு வரும் தேதி என்பது எல்.எல்.பி. பதிவாகும் நாள் என்று முதல் ஷரத்தின் வரையறை. கையெழுத்துக்கும் பதிவுக்கும் நடுவில் ஒரு மாதம் ஓடிவிட்டால், 4.1-இன்படி கெடு முடிந்திருக்கும், ஆனால் பணத்தை வாங்கிக்கொள்ள எல்.எல்.பி. இன்னும் பிறந்திருக்காது. வங்கிக் கணக்கே இருக்காது. கட்டத் தவறியவர் என்று ஏற்றுமதிக்காரரின் பெயர் வந்துவிடும், அதற்கு அபராத வட்டி வேறு 4.6-இல் எழுதியிருக்கும்.

மூலதனப் பகுதியில் மிகவும் கவனிக்க வேண்டியது, பின்னால் போடப்போகும் பணத்தைப் பற்றிய சொற்கள். 4.4-இல் ‘கூடுதல் பங்களிப்பு’ என்கிறார்கள். 4.5-இல் ‘கூடுதலாகக் கொண்டுவரும் நிதிக்கு ஆண்டுக்கு 9 சதவீத வட்டி’ என்கிறார்கள். 12-ஆம் ஷரத்தில், தொழிலை மூடும்போது ‘கூட்டாளிகளின் முன்பணம்’ முதலில் திருப்பித் தரப்படும் என்று வருகிறது. பங்களிப்பு, நிதி, முன்பணம் மூன்றும் ஒன்றா? ஏற்றுமதிக்காரர் இரண்டாம் ஆண்டில் 25 லட்சம் போடுகிறார் என்று வையுங்கள். அது கடன் என்றால் வட்டி வரும், மூடும்போது முதலில் திரும்ப வரும், விகிதம் மாறாது. அது மூலதனம் என்றால் மூடும்போது மற்றக் கடன்களெல்லாம் அடைந்த பிறகுதான் கிடைக்கும், ஆனால் அவருடைய மூலதனம் 1.45 கோடியாகி விகிதம் ஏறத்தாழ 64:36 ஆகிவிடும். வட்டியும் வேண்டும், விகிதமும் உயர வேண்டும் என்று கேட்க ஆசை வரும். பத்திரம் தெளிவாக இல்லாவிட்டால் அந்த ஆசைக்கு இடம் கிடைத்துவிடும்.

மெய்ப்புப் பார்ப்பவர் இதைச் சொன்னால் ‘அதெல்லாம் எங்களுக்குள்ள பேசியாச்சு சார், ஒரு பிரச்சினையும் வராது’ என்ற பதில் வரும். வராது என்பது உண்மையாகவே இருக்கலாம். பேசியவர்கள் இருக்கும்வரை. பங்கு மகனுக்கோ மருமகனுக்கோ போன பிறகு, அல்லது வங்கிக்காரர் கடன் கொடுக்கும் முன் படிக்கும்போது, பத்திரம் மட்டும்தான் பேசும். அதனால் ‘சரிங்க, பேசினது எது என்று மட்டும் சொல்லுங்கள், அதை எழுதிவிடலாம்’ என்று கேட்டு வாங்குவதுதான் வழி.

இனி லாபம். ஷரத்து 7.1: ‘லாபம் 60:40 விகிதத்தில், அதாவது அவரவர் மூலதனப் பங்களிப்பின் விகிதத்தில், பகிரப்படும்.’ அந்த ‘அதாவது’தான் ஆபத்து. இன்றைக்கு 1.20 கோடியும் 80 லட்சமும் 60:40 ஆக இருப்பதால் வாக்கியம் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஏற்றுமதிக்காரர் அந்த 25 லட்சத்தைப் போட்ட மறுநாள், ‘அதாவது’க்கு முன்னால் இருப்பது ஒரு விகிதம், பின்னால் இருப்பது வேறு விகிதம். எண்ணையும் அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதியிருக்கும் எந்த வாக்கியத்தையும் மெய்ப்புப் பார்ப்பவர் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். எண் நிலையானதா, காரணத்தோடு மாறக்கூடியதா என்று கேட்க வேண்டும்.

ஷரத்து 7.3 இன்னொரு வகை. ‘மூன்றாண்டு முடிந்தபின் இரண்டாம் தரப்பினரின் பங்கு 10 சதவீதம் உயரும்.’ பேசியது என்ன? 40 என்பது 50 ஆவது. எழுதியிருப்பதைக் கணக்குப் போட்டால் 40-இல் 10 சதவீதம் என்பது 4. ஆக 44. பகிரும் லாபம் ஆண்டுக்கு 36 லட்சம் என்றால், 44 சதவீதம் 15.84 லட்சம். 50 சதவீதம் 18 லட்சம். வருஷத்துக்கு 2.16 லட்ச ரூபாய் வித்தியாசம், ஒரே ஒரு வாக்கியத்தில். ‘40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயரும்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. உயரும், குறையும் என்ற வினைச்சொல் வரும் இடத்திலெல்லாம் ‘எதிலிருந்து எதுவாக’ என்பது இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நல்ல பழக்கம்.

அதே ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணையில் லாப விகிதம் 50:50 என்று மட்டும் இருக்கிறது, ஆண்டு எதுவும் குறிப்பிடாமல். கடைசி விகிதத்தை மனத்தில் வைத்து யாரோ அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஷரத்துக்கும் அட்டவணைக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்று ஒரு ஷரத்து இருக்கிறதா என்று அப்போது தேட வேண்டும். இருந்தாலும் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. அந்த ஷரத்து வழக்கு வந்தபின் உதவுவது, மெய்ப்பு வழக்கு வராமல் இருக்க.

மூன்றாண்டு என்றால் எந்த மூன்று ஆண்டு? காலண்டர் ஆண்டா, நிதியாண்டா, உற்பத்தி தொடங்கியதிலிருந்தா? நிதியாண்டு என்று எழுதினாலும் ஒரு நுட்பம் இருக்கிறது. செப்டம்பர் 30-க்குப் பிறகு பதிவாகும் எல்.எல்.பி., தன் முதல் நிதியாண்டை அடுத்து வரும் மார்ச்சில் முடிக்காமல், அதற்கடுத்த ஆண்டு மார்ச் 31 வரை நீட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. முதல் ‘ஆண்டு’ பதினெட்டு மாதம் வரை நீளலாம். பிரிண்டிங்காரர் 50-க்கு வருவது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். இதை மெய்ப்புப் பார்ப்பவர் தீர்த்துவைக்க முடியாது. ஆனால் ‘மூன்றாண்டு எந்தத் தேதியில் முடிகிறது?’ என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிவைக்க முடியும்.

லாபம் என்ற சொல்லே எத்தனை உருவத்தில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். நம் பத்திரத்தில் லாபம், நிகர லாபம், உபரி, பகிரத்தக்க லாபம் என்று நான்கு. வரையறை இருப்பது ‘நிகர லாபம்’ ஒன்றுக்குத்தான். செலவும் வரியும் போக மிஞ்சுவது என்று சொல்லியிருக்கிறார்கள். 7.2-இல் நிகர லாபத்தில் 10 சதவீதம் இருப்பு நிதிக்கு ஒதுக்கப்படும் என்கிறார்கள். 7.4-இல் நிகர லாபம் முழுவதும் ஆண்டு முடிந்து 60 நாளைக்குள் கூட்டாளிகளுக்குப் பகிரப்படும் என்கிறார்கள். ஓர் ஆண்டில் நிகர லாபம் 40 லட்சம் என்று வைத்துக் கணக்கை ஓட்டிப் பாருங்கள். இருப்பு நிதிக்கு 4 லட்சம். பகிர்வதற்கு 40 லட்சம். மொத்தம் 44 லட்சம் வேண்டும், இருப்பதோ 40. சொல்லவந்தது 36 லட்சத்தைப் பகிர்வது. அதற்குத்தான் ‘பகிரத்தக்க லாபம்’ என்ற பெயரை யாரோ உருவாக்கி, 8-ஆம் ஷரத்தில் பயன்படுத்தியும் விட்டு, 7.4-இல் மாற்ற மறந்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு கற்பனை ஆண்டின் தொகையை எடுத்துக்கொண்டு, ஷரத்து சொல்கிறபடியே வரிசையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதைப் போல லாபப் பகுதியைச் சோதிக்க வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. வாசித்தால் சரியாகத் தோன்றும் ஷரத்து, கால்குலேட்டரை எடுத்ததும் உளறத் தொடங்கும். மூன்று கூட்டாளிகள் இருக்கும் பத்திரங்களில் ஆளுக்கு 33.33 சதவீதம் என்று போட்டுவிட்டு மீதி 0.01-ஐ அந்தரத்தில் விட்டிருப்பதும் அப்போதுதான் தெரியும்.

கற்பனை ஆண்டை ஒரு முறை நட்டத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் பத்திரத்தில் நட்டம் என்ற சொல்லே இல்லை. தொடங்கும்போது நட்டத்தைப் பற்றி எழுதினால் அபசகுனம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எல்.எல்.பி. சட்டத்தின் முதல் அட்டவணை, கூட்டாளிகள் தங்களுக்குள் உடன்படாத விஷயங்களுக்கு என்ன விதி என்று சொல்கிறது. அதன்படி மூலதனம், லாபம், நட்டம் மூன்றும் சமபங்கு. எனவே முதல் ஆண்டு 20 லட்சம் நட்டம் வந்தால், 60 சதவீத லாபத்துக்கு உரிய ஏற்றுமதிக்காரர் பாதி நட்டம்தான் தன்னுடையது என்று சொல்லலாம். லாபம் எந்த விகிதமோ அதுதான் நட்டத்துக்கும் என்று பிரிண்டிங்காரர் வாதிடலாம். பத்து லட்சமா, பன்னிரண்டு லட்சமா என்ற சண்டை. ‘லாபமும் நட்டமும்’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் இல்லை. (இதனால் யாரும் கைக்காசு கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. நட்டம் அவரவர் மூலதனக் கணக்கில் கழியும், அவ்வளவுதான்.)

மூன்றாவது, பதவிப் பெயர்கள். சுவாரசியமான பிழைகள் கிடைப்பது இங்கேதான். இதற்கு ஒரு தாள் எடுத்து, பத்திரத்தின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு வேலையைச் செய்பவராக யார் குறிப்பிடப்பட்டாலும் அந்தப் பெயரையும் ஷரத்து எண்ணையும் எழுதிக்கொண்டே போக வேண்டும். நம் பத்திரத்தில் கிடைத்தவை: மேனேஜிங் பார்ட்னர் (5, 9.1), டெசிக்னேட்டட் பார்ட்னர் (5, 10), மேனேஜிங் டைரக்டர் (9.4, 14.2), சீஃப் எக்ஸிக்யூட்டிவ் (11), ஃபைனான்ஸ் டைரக்டர் (9.1), ஃபைனான்ஸ் ஹெட் (அட்டவணை 3), மேனேஜ்மென்ட் கமிட்டி (9), போர்டு (9.6, 13). பேசியபோது இருந்ததோ மூன்றே பேர்: யூனிட்டை நடத்தும் ஒருவர், கணக்கைப் பார்க்கும் ஒருவர், மேலே ஒரு கமிட்டி.

எல்.எல்.பி.யில் சட்டப்படி டைரக்டர் என்ற பதவியே கிடையாது. அது கம்பெனிக்கு உரியது. அதற்குப் பதில் குறைந்தது இரண்டு டெசிக்னேட்டட் பார்ட்னர்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். படிவங்களைத் தாக்கல் செய்வது போன்ற சட்டக் கடமைகளும், தவறினால் அபராதமும் அவர்களைச் சேரும். நம் யூனிட்டில் கூட்டாளிகள் இருவருமே கம்பெனிகள் என்பதால், அவர்கள் நியமிக்கும் தனிநபர்கள் அந்தப் பதவியில் இருப்பார்கள். ஆகவே டெசிக்னேட்டட் பார்ட்னர் என்ற பெயர் அழகுக்காகச் சூட்டுவதல்ல. யூனிட்டை நடத்துகிறவரை ஓரிடத்தில் மேனேஜிங் பார்ட்னர் என்றும், மற்றோரிடத்தில் டெசிக்னேட்டட் பார்ட்னர் என்றும் மாற்றி மாற்றி எழுதினால், நடத்தும் அதிகாரம் யாருக்கு, அபராதப் பொறுப்பு யாருக்கு என்பது குழம்பிவிடும்.

‘மேனேஜிங் டைரக்டர்’ என்று 14.2-இல் இருப்பது வெறும் பழைய மாதிரியின் மிச்சம் என்று நினைத்துத் தாண்டிவிடலாம். அந்த ஷரத்து சொல்வது: மேனேஜிங் டைரக்டர் விலகினால் இரண்டு ஆண்டுக்கு இதே தொழிலில் போட்டி யூனிட் நடத்தக் கூடாது. நம் எல்.எல்.பி.யில் மேனேஜிங் டைரக்டர் கிடையாது. ஆனால் பிரிண்டிங் கம்பெனியில் ஒருவர் இருக்கிறார். ஏற்றுமதிக் கம்பெனியிலும் ஒருவர் இருக்கிறார். கையெழுத்துப் பக்கத்திலேயே இருவரும் ‘மேனேஜிங் டைரக்டர்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! தடை யாருக்கு? யூனிட்டை நடத்தியவருக்கு என்றுதான் பேச்சு. எழுத்தின்படி, ஏற்றுமதிக் கம்பெனியின் எம்.டி. தன் பதவியை விட்டால் அவருக்கும் பொருந்தும்போல இருக்கிறது, யூனிட்டை நடத்தியவருக்குப் பொருந்தாதுபோலவும் இருக்கிறது. ‘கம்பெனி’ என்ற சொல்லிலும் இதே தொல்லை. பழைய மாதிரியில் கம்பெனி என்றால் கூட்டு நிறுவனம். இங்கே கூட்டு நிறுவனம் எல்.எல்.பி., கம்பெனிகள் என்றால் கூட்டாளிகள்.

இதைத் திருத்த வேர்டில் Ctrl+H அழுத்தி ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஆங்கிலப் பத்திரத்தில் Company என்பதையெல்லாம் LLP என்று மாற்றும்போது முழுச்சொல் மட்டும் என்ற கட்டத்தைத் தேர்வு செய்யாவிட்டால், accompanying என்ற சொல் acLLPing ஆகிவிடும். அது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடியது. சிரிக்க முடியாதது, இரண்டு கம்பெனிகளைக் குறித்த இடங்களும் சேர்ந்து எல்.எல்.பி.யாக மாறுவது. ‘கம்பெனி தன் பங்கை விற்க விரும்பினால்’ என்பது ‘எல்.எல்.பி. தன் பங்கை விற்க விரும்பினால்’ ஆகிவிட்டால் இலக்கணம் சரி, அர்த்தம் இல்லை. ஒவ்வொன்றாகத் தேடி, படித்து, மாற்றிப் போவதுதான் பாதுகாப்பு.

வங்கியில் கணக்குத் தொடங்கப் போகும்போதும் பதவிப் பெயர் காலை வாரும். 9.1-இன்படி ஐந்து லட்சம் வரை மேனேஜிங் பார்ட்னர் தனியாகக் காசோலை போடலாம், அதற்கு மேல் ஃபைனான்ஸ் டைரக்டரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஃபைனான்ஸ் டைரக்டரை யார் நியமிப்பது என்று பத்திரத்தில் எங்கும் இல்லை. அட்டவணை 3-இல் இருப்பது ஃபைனான்ஸ் ஹெட், அவரை நியமிப்பது ஏற்றுமதிக் கம்பெனி. இருவரும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரிகிறது. அதை ஒப்புக்கொள்ளும் கடமை வங்கி மேலாளருக்கு இல்லை.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, சம ஓட்டு விழும்போது யார் முடிவு செய்வது என்ற இடம். மேனேஜ்மென்ட் கமிட்டியில் ஆளுக்கு இரண்டு பேர், மொத்தம் நால்வர். 9.2-இன்படி கமிட்டியின் சேர்மனை ஏற்றுமதிக் கம்பெனி நியமிக்கும். 9.6-இன்படி ‘போர்டு கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவருக்கு’ சமநிலையில் கூடுதல் ஓட்டு உண்டு. 9.5-இன்படி கூட்டங்களுக்கு இரு தரப்பும் மாறி மாறித் தலைமை வகிக்கும். சேர்மனும் தலைமை வகிப்பவரும் ஒருவரா? போர்டு என்பது கமிட்டியா? ஒருவர் என்று கொண்டால் எப்போதும் ஏற்றுமதிக்காரர் பக்கமே முடிவு சாயும். வேறு என்று கொண்டால், எந்தக் கூட்டத்தில் எதை எடுப்பது என்று அவரவர் முறைக்குக் காத்திருந்து பொருளை வைப்பார்கள். இரு தரப்பும் சரிசமமாக உட்கார்ந்திருக்கும் கூட்டு நிறுவனத்தில் அந்த ஒரு ஓட்டுதான் உண்மையான அதிகாரம். அதை வைத்திருப்பவரின் பெயர் மூன்று ஷரத்தில் மூன்று விதமாக இருக்கிறது.

பெயர்ப் பட்டியல் தயாரான பிறகு ஒவ்வொரு பதவிக்கும் ஒரே பெயர் என்று முடிவு செய்து, வரையறைப் பகுதியில் ஏற்றி, மற்ற இடங்களில் அந்தப் பெயரையே பயன்படுத்தச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும் என்று சொல்லிக்கொடுத்ததை இங்கே மறந்துவிடுவது நல்லது. ஒப்பந்தத்தில் வேறு சொல் போட்டால் வேறு பொருள் என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார்.

இந்த வேலைக்கு எல்லை உண்டு. 60:40 நியாயமா, 9 சதவீத வட்டி அதிகமா, இரண்டு ஆண்டுத் தடை நீதிமன்றத்தில் நிற்குமா என்பதெல்லாம் ஆடிட்டரும் வக்கீலும் சொல்ல வேண்டியவை. மெய்ப்புப் பார்ப்பவரின் கையிலிருந்து போவது ஒரு கேள்விப் பட்டியல்: ஷரத்து எண், அங்கே இருப்பது, முரண்படும் இடம், கேள்வி. பதில் வந்து திருத்திய பிரதியை மறுபடி முழுதாகப் படிக்க வேண்டும். 4.5-ஐ நீக்கியிருந்தால் 4.6 என்பது 4.5 ஆகியிருக்கும், ‘4.6-இல் கண்டபடி’ என்று வரும் இடங்கள் எல்லாம் காற்றைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

கையெழுத்தான பிறகு ஒப்பந்த விவரங்களை எல்.எல்.பி. பதிவாகி 30 நாளைக்குள் படிவம் 3-இல் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பின் ஒரு விகிதத்தையோ பதவியையோ மாற்ற வேண்டுமானால் துணை ஒப்பந்தம், முத்திரைக் கட்டணம், மறுபடி படிவம் 3. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இவ்வளவுதான். ஒருவர் மறுத்தால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி பத்திரத்தைத் திருத்தித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அங்கே, இருவருமே நினைத்தது ஒன்று, தவறுதலாக எழுதப்பட்டது வேறு என்பதை நிரூபித்தாக வேண்டும். ‘4.1-இல் எது சரி?’ என்று அனுப்பிய பட்டியலும், ‘இருபது லட்சம்’ என்று இரு தரப்பும் எழுதிய பதிலும் கோப்பில் இருந்தால் அந்த நிரூபணத்துக்கு ஆதாரம் கிடைக்கும். அதனால் பட்டியலைத் தொலைபேசியில் படித்துக் காட்டிப் பதில் வாங்காமல் மின்னஞ்சலில் அனுப்புவதும், வரும் பதில்களைத் தேதியோடு சேர்த்து வைப்பதும் வழக்கம்.